சோதித்த செல்லும் பிறந்த குழந்தையும்

2018 நவம்பர் 28. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் நடந்த மனித மரபணுத் திருத்த மாநாட்டின் மேடையில் ஹே ஜியான்குய் ஏறினார். ஷென்ஜென் நகரின் தெற்கு அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்த 34 வயது ஆய்வாளரைப் பற்றிய செய்தி மூன்று நாள் முன்புதான் வெடித்திருந்தது. கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் சீனாவில் பிறந்துவிட்டார்கள். அவர்களுக்கு எச்ஐவி தொற்றாது என்பது அவருடைய வாதம். லூலூ, நானா என்பவை அந்தக் குழந்தைகளுக்கு அவர் சூட்டிய புனைபெயர்கள்.

அரங்கில் இருந்தவர்கள் இந்தத் துறையிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர்கள். திரையில் ஓடிய படங்களைப் பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்கு விளங்கிவிட்டது: வாக்குறுதி ஒன்று, நடந்திருப்பது வேறொன்று. கருவின் மரபணுவைத் திருத்தலாமா கூடாதா என்ற விவாதம் பெரும்பாலும் இயற்கை, கடவுள், மனித ஆணவம் என்று பெரிய சொற்களில் நடக்கிறது. ஆனால், இந்தக் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி அந்தப் படங்களிலேயே இருக்கிறது. நன்மை யாருக்கு, எவ்வளவு. ஆபத்து எங்கே, அதைக் கண்டுபிடிக்க முடியுமா? இந்த வழக்கை வைத்தே கணக்குப் பார்க்கலாம்.

கருவில் நடந்தது என்ன?

எச்ஐவி வைரஸ் நமது வெள்ளணுக்களுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசல்களில் முக்கியமானது சிசிஆர்5 என்ற புரதம். வடக்கு ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு, இந்தப் புரதத்துக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் 32 எழுத்துகள் இயற்கையாகவே இல்லை. எச்ஐவியின் பெரும்பாலான வகைகள் அவர்களைத் தொற்றுவதில்லை. அந்த இயற்கை நிலையைக் கருவில் உருவாக்குவதுதான் ஹேயின் திட்டம். தந்தைக்கு எச்ஐவி உண்டு, தாய்க்கு இல்லை என்ற நிலையில் இருந்த எட்டுத் தம்பதியர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு தம்பதி இடையில் விலகிக்கொண்டது.

கருமுட்டைக்குள் விந்தணுவை ஊசிவழி செலுத்தும்போதே, டிஎன்ஏவை வெட்டும் காஸ்9 புரதமும், எங்கே வெட்ட வேண்டும் என்று வழிகாட்டும் ஆர்என்ஏ துண்டும் சேர்ந்தே உள்ளே போயின. இதற்குத்தான் கிரிஸ்பர் முறை என்று பெயர். இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. கிரிஸ்பர் வெட்டத்தான் செய்யும். ஒட்டுவது செல்லின் வேலை. வெட்டுண்ட இடத்தைச் செல் அவசர அவசரமாக இணைக்கும்போது சில எழுத்துகள் விழுந்துவிடும் அல்லது புதிதாக ஒன்றிரண்டு புகுந்துவிடும். எத்தனை விழும், எது புகும் என்பது ஆய்வாளரின் கையில் இல்லை.

லூலூவின் ஒரு பிரதியில் 15 எழுத்துகள் விழுந்திருந்தன. இன்னொரு பிரதியில் எந்த மாற்றமும் இல்லை. மரபணுவின் எழுத்துகள் மூன்று மூன்றாக வாசிக்கப்படுபவை. 15 என்பது மூன்றின் மடங்கு. ஆகவே புரதத்தில் ஐந்து கண்ணிகள் குறையுமே தவிர, மீதிப் பகுதி சிதையாது. அப்படிக் குறைபட்ட புரதம் வைரஸைத் தடுக்குமா என்று எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. நானாவுக்கு ஒரு பிரதியில் நான்கு எழுத்துகள் குறைந்திருந்தன. மற்றொன்றில் ஓர் எழுத்து கூடியிருந்தது. இரண்டுமே வாசிப்பைக் குலைக்கக்கூடியவை. புரதம் வேலை செய்யாமல் போகலாம். ஆனால், இந்த மாற்றங்கள் எவையும் ஐரோப்பியர்களிடம் காணப்படும் அந்த 32 எழுத்து விடுபடல் அல்ல. மனிதர்களிடம் அதுவரை சோதித்தறியப்படாத மாற்றங்கள் இரு குழந்தைகளிடம் முதன்முறையாகப் பரிசோதிக்கப்பட்டன என்பதே உண்மை.

லூலூவுக்குப் பாதித் திருத்தம்தான் நடந்திருக்கிறது என்பது கரு ஐந்து நாள் வளர்ச்சியில் இருக்கும்போதே ஹேவுக்குத் தெரியும். பெற்றோருக்கும் சொல்லப்பட்டது. இருந்தும் அந்தக் கரு தாயின் கருப்பைக்குள் வைக்கப்பட்டது. எச்ஐவி தடுப்பு என்ற வாக்குறுதி பலிக்காது என்று தெரிந்த கருவில், திருத்தத்தின் ஆபத்து மட்டும் மிச்சமிருந்தது.

நன்மைக் கணக்கு

தந்தைக்கு எச்ஐவி இருந்தால் பிறக்கும் குழந்தைக்கும் வரும் என்ற அச்சம் பொதுவானது. மருத்துவத்தில் இந்தச் சிக்கல் எப்போதோ தீர்க்கப்பட்டுவிட்டது. வைரஸ் விந்தணுவுக்குள் இருப்பதில்லை; சுற்றியுள்ள திரவத்தில்தான் இருக்கிறது. விந்தணுவைக் கழுவிப் பிரித்துச் செயற்கைக் கருத்தரிப்புக்குப் பயன்படுத்தும் முறை 1990களின் தொடக்கத்திலிருந்தே நடைமுறையில் உள்ளது. ஷென்ஜெனிலும் விந்தணுக்கள் கழுவப்பட்டே பயன்படுத்தப்பட்டன. அதாவது, மரபணுவைத் தொடாமல் விட்டிருந்தாலும் அந்தக் குழந்தைகள் தந்தையிடமிருந்து தொற்று இல்லாமலே பிறந்திருப்பார்கள். பிற்காலத்தில் வெளியிலிருந்து தொற்று வராமல் தடுக்கவும் வேறு வழிகள் இருக்கின்றன.

அப்படியானால் பெற்றோர் ஏன் சம்மதித்தார்கள்? எச்ஐவி தொற்றுள்ளவர்கள் செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சை பெறச் சீன விதிகள் அனுமதிப்பதில்லை. அவர்களுக்குச் சாத்தப்பட்டிருந்த கதவை ஹே திறந்துவிட்டார். செலவையும் திட்டமே ஏற்றது. வேறொருவரின் ரத்தத்தைக் கொடுத்துப் பரிசோதனையைக் கடந்ததும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் போலியாகத் தயாரிக்கப்பட்டதும் பின்னர் நீதிமன்றத்தில் நிரூபணமாயின. பெற்றோர் கையெழுத்திட்ட 23 பக்க ஒப்புதல் படிவம் இந்த வேலையை ‘எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கத் திட்டம்’ என்றே வர்ணித்தது. குழந்தை வேண்டும் என்ற தவிப்பில் இருப்பவர்கள், வேறு வழி அடைக்கப்பட்ட நிலையில் போடும் கையெழுத்தை எந்த அளவுக்குச் சம்மதம் என்று கொள்வது?

அந்தக் கருக்களில் நோய் எதுவும் இருக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆரோக்கியமான கருவுக்குக் கூடுதலாக ஓர் எதிர்ப்புசக்தியைச் சேர்க்கும் முயற்சி இது. நோய் நீக்கத்தின் பெயரால் தொடங்கிய முதல் முயற்சியே ‘மேம்படுத்தல்’ பக்கம் சாய்ந்திருந்தது.

ஆபத்து ஒளிந்திருக்கும் இடம்

மரபணுத் திருத்தத்தின் ஆபத்து என்றதும் முதலில் சொல்லப்படுவது, கிரிஸ்பர் தவறான இடத்தில் வெட்டிவிடலாம் என்பது. அது உண்மைதான். அதைவிடப் பெரிய சிக்கல், தவறு நடந்ததா இல்லையா என்று பார்க்கும் வழியிலேயே இருக்கிறது.

ஐந்தாம் நாளில் கரு ஏறத்தாழ நூறு, இருநூறு செல்கள் கொண்ட சிறு உருண்டை. உள்ளே இருக்கும் கொத்துதான் குழந்தையாக வளரும். வெளிச் சுவர் நஞ்சுக்கொடியாகும். பரிசோதனைக்காக மூன்று முதல் ஐந்து செல்கள் வரை எடுக்கப்படுவது அந்த வெளிச் சுவரிலிருந்து. உள்கொத்தைத் தொட்டால் கரு பிழைக்காமல் போகலாம். ஆக, சோதிக்கப்படும் செல் குழந்தையின் செல்லே அல்ல. சாதாரண மரபு நோய்ப் பரிசோதனையில் இது பெரிய குறையில்லை. நோய்க்கான மாற்றம் பெற்றோரிடமிருந்து வந்தது என்பதால் எல்லாச் செல்லிலும் அது இருக்கும். திருத்தம் செய்த கருவில் அப்படி இல்லை. ஒரு செல் இரண்டாக, நான்காகப் பிரிந்த பிறகும் காஸ்9 தொடர்ந்து வெட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது ஒவ்வொரு செல்லிலும் வெவ்வேறு மாற்றம் நிகழும். கரு ஒன்றுதான், செல்களின் எழுத்தோ பலவிதம். ‘மொசைக்’ என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவது இதைத்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. ஹே காட்டிய படங்களிலேயே இந்தக் கலப்பின் அறிகுறிகள் இருந்ததைப் பிற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

சரியான இடத்தில் வெட்டினாலும் கேடு வரும் என்பதை 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டீட்டர் எக்லியின் குழு, பார்வையிழப்பை ஏற்படுத்தும் ‘இஒய்எஸ்’ மரபணுவை ஆய்வகக் கருக்களில் திருத்திப் பார்த்தது. இந்தக் கருக்கள் எவையும் கருப்பைக்குள் வைக்கப்படுவதற்கானவை அல்ல. பழுது, தந்தையிடமிருந்து வந்த பிரதியில் இருந்தது. வெட்டிய பிறகு சோதித்தால், பல கருக்களில் பழுதுபட்ட எழுத்தைக் காணோம். தாயின் நல்ல எழுத்து மட்டுமே தெரிந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது முழு வெற்றி.

கூர்ந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஏறக்குறைய பாதி இடங்களில் வெட்டு ஒட்டவேயில்லை. அதன் விளைவாகச் சில செல்களில் தந்தையின் ஆறாவது குரோமோசோமின் ஒரு பகுதியோ, முழுக் குரோமோசோமோ தொலைந்துபோயிருந்தது. பழுது சரியாகவில்லை, பழுதைத் தாங்கிய குரோமோசோமே காணாமல் போயிருந்தது. வெட்டிய இடத்தின் சுற்றுவட்டாரத்தை மட்டும் படிக்கும் வழக்கமான சோதனைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முழுக் குரோமோசோமையும் படித்தால்தான் வேறுபாடு புலப்படும். அதற்கும் செல்லை அழிக்க வேண்டும். அழித்த செல்லைப் பற்றி அறியலாம்; வளரப்போகும் செல்லைப் பற்றி ஊகிக்க மட்டுமே முடியும். லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் கேத்தி நியாகன் குழுவும் திருத்திய கருக்களில் வெட்டிய இடத்தைச் சுற்றிப் பெரிய சேதங்களைக் கண்டது.

மரபணுவின் வேலை என்ன என்பதே முழுமையாகத் தெரியாமல் இருப்பது அடுத்த சிக்கல். சிசிஆர்5 இல்லாதவர்களுக்கு எச்ஐவி பெரும்பாலும் தொற்றாது. ஆனால் கொசுவால் பரவும் மேற்கு நைல் வைரஸ் தொற்றினால் நோய் வெளிப்படும் வாய்ப்பு அதிகம். 2019 ஜூனில் வந்த ஓர் ஆய்வு, இந்த விடுபடலை இரு பிரதிகளிலும் கொண்டவர்களுக்கு அகால மரணத்தின் ஆபத்து 21 விழுக்காடு கூடுதல் என்று சொல்லிப் பரபரப்பை ஏற்படுத்தியது. தரவில் பிழை இருந்தது தெரிந்ததும், அதே ஆண்டில் அந்த ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மனிதகுலம் மிக அதிகமாக ஆராய்ந்த மரபணுக்களில் ஒன்றுக்கே இந்த நிலைமை.

யாருக்கு உண்மையிலேயே வேறு வழி இல்லை?

ஒரு தவறான முயற்சியை வைத்துத் தொழில்நுட்பத்தையே நிராகரிப்பது நியாயமாகாது. நன்மை உள்ள இடம் எது என்பதையும் நேர்மையாகத் தேட வேண்டும்.

அரிவாள் செல் நோயை எடுத்துக்கொள்ளலாம். ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வருவது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, சிறு நாளங்களை அடைத்து, தாங்க முடியாத வலியைக் கொடுக்கும். உறுப்புகளைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும். நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இந்த மாற்றம் இருப்பது 1952லேயே கண்டறியப்பட்டது. இந்தியாவில் இதற்கென ஒரு தேசிய இயக்கமே 2023இல் தொடங்கப்பட்டிருக்கிறது.

கணவன், மனைவி இருவருமே ஒரு பழுதுபட்ட பிரதியைச் சுமப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் நோய் இருக்காது. அவர்களின் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. செயற்கைக் கருத்தரிப்பில் எட்டுக் கருக்கள் கிடைத்தால், சராசரியாக ஆறு கருக்களுக்கு நோய் இருக்காது. பரிசோதித்துத் தேர்ந்தெடுத்தால் போதும். எந்தக் கருவையும் திருத்த வேண்டியதில்லை. மரபு நோய் உள்ள தம்பதியரில் மிகப் பெரும்பாலோரின் நிலைமை இதுதான். அவர்களுக்குத் திருத்தம் தரும் கூடுதல் நன்மை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

விதிவிலக்குகள் இரண்டு. இருவருக்குமே அரிவாள் செல் நோய் இருந்து அவர்கள் திருமணம் செய்துகொண்டால், எல்லாக் கருக்களுக்கும் நோய் நிச்சயம். தேர்ந்தெடுக்க நல்ல கரு ஒன்றுகூட இருக்காது. இன்னொன்று, வயது கூடிய பெண்களுக்குக் கருமுட்டைகள் குறைவாகக் கிடைக்கும் நிலை. இரண்டே கருக்கள்தான் கிடைத்தன என்றால், சுமப்பாளர் தம்பதிக்கு அவை இரண்டுமே நோயுள்ளவையாக இருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. ஒரு பழுதுப் பிரதியே நோய் தந்துவிடும் ஹன்டிங்டன் போன்ற நோய்களில் அது நான்கில் ஒன்றாக உயர்ந்துவிடும். அமெரிக்க அறிவியல் கழகங்களும் பிரிட்டனின் ராயல் சொசைட்டியும் இணைந்து அமைத்த ஆணையம், 2020 செப்டம்பரில் இத்தகைய தம்பதியரை மட்டுமே மனத்தில் கொண்டு பேசியது. ஒற்றை மரபணுவால் வரும் கடுமையான நோய், நோயில்லாத கரு கிடைக்க வழியே இல்லாத அல்லது மிக அரிதான தம்பதி என்ற எல்லைக்குள், பாதுகாப்பு நிரூபிக்கப்பட்டால் மட்டுமே முதல் பயன்பாடுகள் பற்றி யோசிக்கலாம் என்பது அதன் நிலைப்பாடு.

அந்த மிகச் சிலரின் ஏக்கத்தைச் சிறிதாக எண்ணக் கூடாது. பிறர் தானமாகத் தரும் கருமுட்டை, விந்தணு, தத்தெடுப்பு என்று வழிகள் இருக்கின்றனவே என்று மற்றவர்கள் சுலபமாகச் சொல்லிவிடலாம். பிள்ளையில்லாத பெண்ணை விசேஷ வீடுகளில் ஒதுக்கிவைக்கும் சமூகத்தில், ‘நம் ரத்தம்’ என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் தெரிந்ததே. ஆனால், பெற்றோரின் ஆசை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், ஆபத்தைச் சுமக்கப்போவது அவர்கள் அல்ல. இந்த இடத்தில்தான் நன்மையும் ஆபத்தும் வெவ்வேறு நபர்களின் கணக்கில் விழுகின்றன.

பிறந்த பிறகு திருத்தினால்?

அரிவாள் செல் நோய்க்காக 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த ‘காஸ்கெவி’ சிகிச்சையும் கிரிஸ்பர்தான். நோயாளியின் ரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, கருவில் இருந்தபோது சுரந்த ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கும்படி திருத்தி, திரும்ப உடலுக்குள் செலுத்துகிறார்கள். இதற்கு முன் கடுமையான கீமோதெரபியைத் தாங்க வேண்டும் என்பது அதன் பெருங்குறை. ஆனால், திருத்திய செல்களை உடலுக்குள் விடும் முன் சோதிக்கலாம். சரியில்லை என்றால் ஒதுக்கிவிடலாம். வயதுவந்த நோயாளி தானே யோசித்துச் சம்மதிக்கலாம். தவறு நேர்ந்தாலும் அது அவரோடு முடிந்துவிடும், பேரப்பிள்ளைகளுக்குப் போகாது.

கருத் திருத்தத்தை ஆதரிப்பவர்கள் இதற்கு வைக்கும் எதிர்வாதம் வலுவானது. அமெரிக்காவில் காஸ்கெவியின் விலை 22 லட்சம் டாலர். ஏழை நாடுகளில் இருக்கும் நோயாளிகளுக்கு இது எட்டாக்கனி. கருவிலேயே திருத்திவிட்டால் ஒருமுறை செலவோடு, அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் நோய் இருக்காதே என்று கேட்கிறார்கள். ஆனால், விலை என்பது மனிதர்கள் வைப்பது. உற்பத்தி முறையும் அரசுக் கொள்கையும் அதைக் குறைக்க முடியும். தலைமுறைக்கும் போய்ச் சேரும் ஒரு பிழையை எந்தக் கொள்கையாலும் திரும்பப் பெற முடியாது.

லூலூவும் நானாவும் என்ன ஆனார்கள் என்ற கேள்வியும் இதே சிக்கலைத்தான் காட்டுகிறது. அவர்களை 18 வயதுவரை கண்காணிப்பது திட்டம். வேறொரு தம்பதிக்கு மூன்றாவது குழந்தையும் பின்னர் பிறந்தது. மூவரும் நலம் என்று ஹே சொல்லிவருகிறார். சுயேச்சையான மருத்துவ அறிக்கை எதுவும் பொதுவெளிக்கு வரவில்லை. கண்காணித்தால் வாழ்நாள் முழுவதும் ஆய்வுப் பொருளாக இருக்க வேண்டும்; விட்டுவிட்டால் ஆபத்து வந்தாலும் தெரியாது. இந்தக் குழந்தைகளுக்குச் சிறப்புப் பாதுகாப்பு வேண்டும் என்று சீன அறநெறி அறிஞர்களே 2022இல் கோரினார்கள். எந்த ஆய்வு முறையை வகுத்தாலும், அதற்கு உட்படுத்தப்படுபவரிடம் முன்கூட்டிக் கேட்க முடியாத மருத்துவச் சோதனை இது.

சட்டத்தில் இருக்கும் ஓட்டை

2019 டிசம்பர் 30 அன்று ஷென்ஜென் நீதிமன்றம் ஹேவுக்கு மூன்று ஆண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. இரு கூட்டாளிகளும் தண்டிக்கப்பட்டார்கள். குற்றம் என்ன தெரியுமா? சட்டவிரோத மருத்துவத் தொழில். கருவின் மரபணுவைத் திருத்திக் குழந்தை பிறக்கச் செய்வது கூடாது என்ற வழிகாட்டு நெறி சீனாவில் 2003லிருந்தே இருந்தது. மீறினால் இன்ன தண்டனை என்று சட்டம் இருக்கவில்லை. அதனால்தான் உரிமமில்லாமல் மருத்துவம் பார்த்தார் என்ற பிரிவைத் தேட வேண்டிவந்தது. 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத் திருத்தத்தின் மூலம்தான் சீனா அந்த ஓட்டையை அடைத்தது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. திருத்திய கருவைக் கருப்பைக்குள் வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் உரிமம் பெற்று ஆய்வகத்தில் ஆராயலாம். நியாகனுக்கு 2016இல் அப்படித்தான் அனுமதி கிடைத்தது. சேதங்கள் வெளிச்சத்துக்கு வந்ததே இத்தகைய ஆய்வுகளால்தான் என்பதால், ஆராய்ச்சியையே முடக்குவது தவறு. அமெரிக்காவிலோ, இத்தகைய விண்ணப்பங்களை உணவு, மருந்து ஆணையம் பரிசீலிக்கவே கூடாது என்று ஆண்டுதோறும் நிதி மசோதாவில் ஒரு நிபந்தனை சேர்க்கப்படுகிறது. இது நிரந்தரமான சட்டம் அல்ல. இதற்கிடையில், கருத் திருத்தத்தையே இலக்காகக் கொண்ட தனியார் நிறுவனங்கள் 2025இல் அங்கே முதலீடு திரட்டத் தொடங்கியிருக்கின்றன.

இந்தியா எங்கே நிற்கிறது? மனிதக் கருவின் மரபணுவைத் திருத்திக் கர்ப்பம் உண்டாக்குவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிகள் தடை செய்கின்றன. அவை நெறிகளே. 2018இல் சீனா இருந்த இடமும் இதுதான். தெருவுக்குத் தெரு செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் முளைத்திருக்கும் நாட்டில், நோயறிய வந்த ஸ்கேன் கருவி பெண் கருவைத் தேடும் கருவியாக மாறியதையும், அதைக் கட்டுப்படுத்த 1994இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்ததையும் நாம் பார்த்தவர்கள்.

செய்ய வேண்டியவை இரண்டு. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தில், திருத்தப்பட்ட கருவைக் கருப்பைக்குள் வைப்பது குற்றம் என்று பெயர் சொல்லி ஒரு பிரிவைச் சேர்ப்பது முதலாவது. ஆய்வகக் கருக்களில் நடக்கும் ஆராய்ச்சிக்கு உரிமமும், முடிவுகளைப் பொதுவில் வெளியிடும் கட்டாயமும் விதிப்பது இரண்டாவது. தடையை எப்போது மறுபரிசீலிக்கலாம் என்பதற்கான அளவுகோலையும் சட்டத்திலேயே எழுதிவிடலாம்: கருவை அழிக்காமல் அதன் ஒவ்வொரு செல்லிலும் என்ன நடந்தது என்று காட்டும் முறை வர வேண்டும், நோயில்லாத கரு கிடைக்கவே வாய்ப்பில்லாத தம்பதியருக்கு மட்டும் என்று கருத் திருத்தம் வரையறுக்கப்பட வேண்டும், பிறக்கும் குழந்தையின் வாழ்நாள் மருத்துவப் பொறுப்பை யார் ஏற்பது என்பது முன்னதாகவே தீர்மானமாக வேண்டும். இவற்றில் முதல் நிபந்தனையை நிறைவேற்றும் தொழில்நுட்பம் இன்று எந்த ஆய்வகத்திலும் இல்லை.